பேட்டி நடுவே அணையும் கேமரா

நீண்ட பேட்டிகளைப் பதிவு செய்கிறவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். கேமரா முன் உட்காரும் பெரியவர் முதல் இருபது நிமிடம், ஏற்கெனவே பலரிடம் சொன்னதையே சொல்வார். கூச்சம் விலகி, மறந்திருந்த பெயரும் ஊரும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வருவது அதற்குப் பிறகுதான். மிரர்லெஸ் கேமரா சூடாகி நின்றுபோவதும் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். உயிருள்ள பேச்சு தொடங்கும் இடத்தில் பதிவு அறுந்துவிடுகிறது. மறுபடி கேட்டால் அவர் சொல்வார். ஆனால் அதே தடுமாற்றத்தோடும் அதே சிரிப்போடும் சொல்ல மாட்டார். ஆகவே இந்தச் சூடு எங்கிருந்து வருகிறது, எந்த அமைப்பை மாற்றினால் அது எவ்வளவு தள்ளிப்போகும் என்பதைப் பேட்டி எடுப்பவர் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

கேமரா நின்றால் அதற்குக் காரணம் சூடுதானா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும். சூடு சொல்லாமல் வருவதில்லை. முதலில் திரையின் ஓரத்தில் சின்னத் தெர்மாமீட்டர் படம் ஒன்று தோன்றும். அதற்குப் பிறகும் பதிவு சிறிது நேரம் ஓடும். பிறகு பதிவு நின்று, சோனி கேமராவாக இருந்தால் Camera overheating. Allow it to cool. என்ற வரி வந்து, கேமரா தானாகவே அணைந்துவிடும். இப்படி எதுவும் வராமல், சரியாக 29 நிமிடம் 59 நொடியில் பதிவு நின்று, கேமரா மட்டும் விழித்துக்கொண்டிருந்தால் அது சூட்டின் வேலை இல்லை. அரை மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து பதிவு செய்யும் கருவியை ஐரோப்பிய ஒன்றியம் வீடியோ கேமராவாகக் கணக்கிட்டுக் கூடுதல் சுங்கவரி விதித்துவந்தது. அதைத் தவிர்க்க நிறுவனங்கள் தாங்களே வைத்த கடிவாளம் அது. பழைய மாடல்கள் பலவற்றில் இன்னும் இருக்கிறது, புதியவற்றில் பெரும்பாலும் இல்லை. அதைப் பார்த்துவிட்டுக் கேமரா சூடாகிறது என்று சர்வீஸ் சென்டருக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் உண்டு.

இனிச் சூட்டுக்கு வருவோம். நம் ஊர் யூடியூப் சேனல்களில் பரவலாகப் புழங்கும் சோனி இசட்வி-இ10 கேமராவை எடுத்துக்கொள்ளலாம். பேட்டரி, மெமரி கார்டு எல்லாம் சேர்ந்து அதன் எடை 343 கிராம். அதன் பேட்டரியில் அடங்கும் ஆற்றல் ஏறக்குறைய 7 வாட்-மணி. சாதாரண எச்டி பதிவில் அது இரண்டு மணி நேரம்போல ஓடித் தீர்கிறது. அப்படியானால் சராசரியாக மூன்றரை வாட் செலவாகிறது. 4கே பதிவில் இன்னும் வேகமாகத் தீரும். இந்த மின்சாரம் வெளிச்சமாகவோ அசைவாகவோ வெளியே போவது மிகக் குறைவு. சென்சார் காட்சியை வரி வரியாகப் படிப்பதிலும், பிராசசர் அதைச் சுருக்கிக் கோப்பாக்குவதிலும் செலவாகி, ஏறக்குறைய முழுவதும் வெப்பமாகவே உடலுக்குள் தங்குகிறது. தூசி புகக்கூடாதென்று மூடிக் கட்டிய உடல் அது. உள்ளே மின்விசிறி கிடையாது. வெப்பம் வெளியேற மேல்தோல் ஒன்றுதான் வழி.

இதை அடியில் ஓட்டை உள்ள தண்ணீர்த் தொட்டியாக நினைத்துக்கொள்ளலாம். குழாயில் வரும் தண்ணீர் ஓட்டையில் போவதைவிடச் சற்றே அதிகமாக இருந்தாலும், கொஞ்ச நேரம் கழித்துத் தொட்டி வழிந்தே தீரும். குழாயைச் சற்றே திருகி, வரவும் போக்கும் சமமாகிவிட்டால் நாள் முழுக்க விட்டாலும் வழியாது. கேமராவிலும் கணக்கு இதுதான். நாற்பது நிமிடத்தில் அணையும் கேமராவில் வெப்பத்தைப் பாதியாகக் குறைக்க வேண்டியதில்லை. சில சமயம் ஒரு சிறு பங்கு குறைத்தாலே, பேட்டரி தீரும் வரைக்கும் அணையாமல் ஓடிவிடும். ஓட்டையின் அளவைத் தீர்மானிப்பது அறையின் வெப்பநிலை. கேமரா மேல்தோலுக்கும் அறைக் காற்றுக்கும் உள்ள வித்தியாசம் எவ்வளவோ, அவ்வளவுக்குத்தான் வெப்பம் வெளியே போகும். நிறுவனங்கள் அறிவிக்கும் பதிவு நேரங்கள் பெரும்பாலும் 23 அல்லது 25 டிகிரி அறைக்கு உரியவை. சத்தம் வரக்கூடாதென்று ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, இரண்டு எல்இடி விளக்குகளைப் போட்டு உட்காரும் மே மாத அறையோ 35 டிகிரியைத் தொட்டு நிற்கும். பெட்டியில் அச்சிட்ட நிமிடங்களை அங்கே எதிர்பார்க்க முடியாது.

இப்போது அமைப்புகள். முதலில் மாற்ற வேண்டியது ஒரே ஒரு வரி. சோனியில் MENU அழுத்தி, செட்டப் பகுதிக்குப் போனால் Auto Pwr OFF Temp. என்று இருக்கும். ஏ7 IV போன்ற புதிய மெனு உள்ள மாடல்களில் Power Setting Option என்பதற்குள் போனால் Auto Power OFF Temp. என்று வரும். அதில் இருப்பவை இரண்டே தேர்வுகள்: Standard, High. கடையிலிருந்து வரும்போது Standard-இல்தான் இருக்கும். ஃபியூஜிஃபிலிமிலும் கேனானின் அண்மை மாடல்கள் சிலவற்றிலும் இதே தேர்வு உண்டு. பேட்டிக்கு இதை High ஆக்கிவிட வேண்டும்.

பலர் இதைத் தொடப் பயப்படுகிறார்கள், கேமரா எரிந்துவிடுமோ என்று. Standard என்ற எல்லை கேமராவைவிட நம் கையை நினைத்து வைத்தது. சுடுகிறது என்று கையை இழுத்துக்கொள்ளும் அளவு சூடு இல்லாவிட்டாலும், மிதமான சூடுள்ள பொருளை நெடுநேரம் பிடித்திருந்தால் தோல் புண்ணாகும். அதனால்தான் High வைத்தால் கையில் பிடிக்காதீர்கள், டிரைபாடில் வையுங்கள் என்று சோனி கையேடே சொல்கிறது. பேட்டியில் கேமரா எப்படியும் டிரைபாடில்தான் இருக்கிறது. High-இலும் ஓர் எல்லை உண்டு. அதைத் தாண்டினால் கேமரா அணைந்தே தீரும். காவல் விலகவில்லை, கொஞ்சம் தள்ளி நிற்கிறது, அவ்வளவுதான். இதற்கு நாம் கொடுக்கும் விலை படத்தில் கொஞ்சம் தெரியலாம். சென்சார் சூடேறும்போது இருட்டான பகுதிகளில் புள்ளிப்புள்ளியான நாய்ஸ் கூடும். சிலிக்கான் சென்சாரில் ஏழெட்டு டிகிரி ஏறினாலே, வெளிச்சமே இல்லாமல் உண்டாகும் மின்கசிவு இரட்டிப்பாகிறது. முகத்தில் போதுமான வெளிச்சம் போட்டு ஐஎஸ்ஓவைக் குறைவாக வைத்தால் இது கண்ணுக்குப் படாது.

அடுத்தது, குழாயைத் திருகும் வேலை. 4கே என்ற பெயர் ஒன்றாக இருந்தாலும் எல்லா 4கேயும் ஒரே அளவு உழைப்பு இல்லை. இசட்வி-இ10 கேமராவில் 4கே 25 பிரேமில் எடுத்தால், அது 6கே அளவுக்குப் புள்ளிகளைப் படித்து, அதைச் சுருக்கி 4கே ஆக்குகிறது. 4கேக்குத் தேவையானதைப்போல ஏறக்குறைய 2.4 மடங்கு தகவல். படம் கூர்மையாக வருவது இதனால்தான், சூடாவதும் இதனால்தான். கேனான் ஆர்5 கேமராவில் இந்த வேறுபாடு பட்டவர்த்தனமாகத் தெரிந்தது. 2020 ஜூலையில் அது வெளியானபோது, 23 டிகிரியில் 8கே பதிவுக்கு 20 நிமிடம், 8கேயிலிருந்து சுருக்கி எடுக்கும் 4கே எச்கியூவுக்கு 30 நிமிடம் என்று கேனானே அறிவித்தது. அதே கேமராவில் சாதாரண 4கே 30 பிரேமுக்குச் சூட்டால் எந்த வரம்பும் இல்லை. ஒரே உடல், ஒரே பேட்டரி, ஒரே 4கே கோப்பு. சென்சாரிலிருந்து எவ்வளவு படிக்கிறோம் என்பது மட்டுமே மாறுகிறது. ஆகவே உங்கள் கேமரா மெனுவில் எச்கியூ, ஃபைன் என்ற ஒட்டுப்பெயரோடு ஒரு 4கே இருந்தால், நீண்ட பேட்டிக்கு அதைவிட்டு மற்றதைத் தேர்ந்தெடுங்கள். 50 அல்லது 60 பிரேமும் வேண்டாம். உட்கார்ந்து பேசுகிறவரின் முகத்துக்கு 25 பிரேம் தாராளம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், ஷட்டரை 1/50-இல் வைத்து 25 பிரேமில் எடுத்தால் விளக்கு மினுக்கும் தொல்லையும் குறையும்.

அதற்கு மேலும் குறைக்க வேண்டுமானால் எச்டிதான் வழி. இதைச் சொன்னால் முகம் சுளிப்பவர்கள் உண்டு. நல்ல வெளிச்சத்தில், சரியான ஃபோகஸில் எடுத்த எச்டி பேட்டியை ஃபோனில் பார்ப்பவர் எவரும் குறையாகச் சொல்லி நான் கேட்டதில்லை. நாற்பதாவது நிமிடத்தில் நின்றுபோன 4கே பேட்டியைப் பற்றியோ பல குறைகள் கேட்டிருக்கிறேன். ஒரு முகத்தை அகலமாக எடுத்து, எடிட்டிங்கில் நெருக்கமான ஷாட்டாகவும் வெட்டிக்கொள்ள நினைப்பவருக்கு 4கே உண்மையிலேயே தேவை. மற்றவர்களுக்குத் தேவையில்லை என்பது என் முடிவு.

மூன்றாவதாக, சிறு சிறு கசிவுகளை அடைப்பது. பிராக்ஸி பதிவு ஓடினால் ஒவ்வொரு பிரேமும் இரண்டு முறை கோப்பாகிறது, அதை நிறுத்துங்கள். ஃபோனோடு வைஃபை இணைப்பு வேண்டாம், ஏர்பிளேன் மோடைப் போட்டுவிடுங்கள். டிரைபாடில் நிற்கும் கேமராவுக்கு ஆட்ட நீக்கம் தேவையில்லை. திரையின் வெளிச்சத்தைக் குறைத்து, திரையைப் பக்கவாட்டில் விரித்து வையுங்கள். முதுகோடு ஒட்டி மடிந்திருக்கும் திரை, சென்சாருக்கு நேர் பின்னால் போர்வைபோல் நின்று, வெப்பம் வெளியேறும் பெரிய பரப்பை அடைத்துவிடுகிறது. அழகுக்காகப் போட்ட தோலுறை, சிலிக்கான் உறை எதுவானாலும் கழற்றிவிடுங்கள்.

பேட்டரியும் வெப்பத்தின் ஒரு ஊற்று. மின்சாரத்தை வேகமாகக் கக்கும்போது அதுவே சூடாகிறது. யூஎஸ்பி வழியாக மின்சாரம் கொடுத்தாலும் பேட்டரி உள்ளேயேதான் இருக்கும், மின்னழுத்தத்தை மாற்றும் வேலையும் உடலுக்குள்ளேயே நடக்கும். பேட்டரி வடிவத்தில் வயரோடு வரும் டம்மி பேட்டரியைப் போட்டால் அந்தச் சூடு வெளியே, அடாப்டரில் தங்கிவிடும். நீண்ட பேட்டிக்கு இது நல்ல முதலீடு. மின்சாரம் போனால் கேமராவும் போய்விடும் என்பதால் யூபிஎஸ் உள்ள இணைப்பில் செருக வேண்டும்.

கேமராவை எந்நேரமும் விழித்திருக்க விடுவதைப் பலர் கவனிப்பதில்லை. பதிவு பட்டனை அழுத்தினால்தான் சூடாகும் என்று நினைக்கிறோம். திரையில் காட்சி தெரிகிறது என்றாலே சென்சாரும் பிராசசரும் ஓடிக்கொண்டிருக்கின்றன என்று பொருள். ஃபிரேம் பார்க்க, விளக்கு சரிசெய்ய, மைக் குத்த, காபி குடிக்க என்று அரை மணி நேரம் கேமராவை எரியவிட்டு, பிறகு பதிவைத் தொடங்குகிறவர் பாதி நிறைந்த தொட்டியோடு தொடங்குகிறார். ஃபிரேமைப் பூட்டியதும் கேமராவை அணைத்துவிடுங்கள். பெரியவர் வந்து உட்கார்ந்து, மைக் சத்தம் பார்த்த பிறகு போடுங்கள். சில கேனான் மாடல்களில் Standby: Low res. என்ற அமைப்பு உண்டு. பதிவு இல்லாத நேரத்தில் திரைக் காட்சியின் தரத்தைக் குறைத்துச் சூட்டைக் கட்டுப்படுத்தும். அதை ஆன் செய்து வைக்கலாம்.

ஒருமுறை முழுக்கச் சூடாகி அணைந்துவிட்டால், பிறகு மீள்வது எளிதல்ல. ஆர்5 கேமராவுக்கு அன்று கேனான் தந்த கணக்கே இதைச் சொல்லும். 8கேயில் சூடாகி நின்றபின் பத்து நிமிடம் அணைத்து வைத்தால் கிடைப்பது அதிகபட்சம் மூன்று நிமிடப் பதிவு. இருபது நிமிடம் காத்திருந்தால் எட்டு நிமிடம். வெளித்தோல் தொட்டால் குளிர்ந்ததுபோல் இருக்கும், உள்ளே தொட்டி இன்னும் விளிம்பு வரை நிற்கும். அதனால் அணையும் வரை ஓட்டிவிட்டு ஆறவைப்பது மோசமான கணக்கு. அணையுமுன் நாமே நிறுத்திச் சிறு ஓய்வு கொடுப்பதுதான் லாபம். பேட்டியிலும் அதற்கு இயல்பான இடங்கள் இருக்கின்றன. பள்ளிக் காலம் முடிந்து வேலைக்கு வரும் இடம், திருமணம் முடிந்து ஊர் மாறும் இடம்.

கோடையில் திருச்சியில் நண்பர்கள் எடுத்த ஒரு பேட்டி நினைவுக்கு வருகிறது. ஓய்வுபெற்ற ரயில்வே தொழிலாளி ஒருவர், நெரிசலான தெருவில் ஒரு முன்னறை. ஏசி உண்டு, ஆனால் அதன் உறுமல் மைக்கில் ஏறுகிறது. முந்தின நாளே அதே அறையில், அதே நேரத்தில், ஜன்னலைச் சாத்தி ஒரு வெள்ளோட்டம் பார்த்தார்கள். கேமரா மின்விசிறி இல்லாத ஒரு சின்ன மிரர்லெஸ். 4கே, வெப்ப எல்லை Standard, திரை முதுகில் மடிந்தபடி. காலி நாற்காலியைப் பார்த்து ஓடிய கேமராவில் அரை மணிக்குள் தெர்மாமீட்டர் படம் வந்தது, சற்று நேரத்தில் அணைந்தது. அதை முழுக்க ஆறவைத்து, எல்லையை மட்டும் High ஆக்கி மறுபடி ஓட்டினார்கள். ஒரு மணி நேரத்தை நெருங்கியது. மறுபடி ஆறவைத்து, திரையை விரித்து, டம்மி பேட்டரி போட்டு ஓட்டியபோது படம் தோன்றியது, ஆனால் கேமரா அணையவில்லை. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் நடுவே முழுக்க ஆறவைத்ததும், ஒவ்வொரு முறையும் எதை மாற்றினோம் என்று குறித்துக்கொண்டதும்தான் முக்கியம். இல்லாவிட்டால் எது வேலை செய்தது என்றே தெரியாமல் போயிருக்கும்.

பேட்டி நாளன்று பெரியவர் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே ஏசியை முழு வேகத்தில் ஓட்டி அறையைக் குளிரவைத்து, பதிவு தொடங்கும்போது நிறுத்தினார்கள். கேமராவுக்குப் பின்னால் மூன்றடி தள்ளி, குறைந்த வேகத்தில் ஒரு சின்ன யூஎஸ்பி ஃபேன், காற்று கேமராவின் முதுகில் படும்படி. மைக் அவர் சட்டையில் இருந்ததால் அதன் சத்தம் எட்டவில்லை. நேரம் போகப்போக அறை மீண்டும் சூடேறி, தெர்மாமீட்டர் படம் எட்டிப் பார்த்தது. கேமரா பிடித்தவர் பேச்சின் நடுவே பாயவில்லை. பொன்மலைப் பணிமனையில் முதல் நாள் வேலைக்குப் போன கதை முடியும் வரை காத்திருந்து, “ஐயா, தொண்டை வறண்டிருக்கும், கொஞ்சம் தண்ணி குடிச்சிக்கோங்க” என்றார். பெரியவர் எழுந்து போய்த் திரும்பும்வரை கேமராவை அணைத்து, பேட்டரி மூடியைத் திறக்காமல் அப்படியே வைத்து, ஏசியை மறுபடி போட்டார்கள். மிச்சப் பேட்டி தடையின்றி முடிந்தது.

செய்யக்கூடாதவையும் உண்டு. எச்சரிக்கை வந்தவுடன் பதறிப்போய்ப் பேட்டரியைப் பிடுங்காதீர்கள். சூட்டால் தானாக அணையும்போது கேமரா கோப்பை முறையாக மூடிவிட்டுத்தான் அணைகிறது, அதுவரை பதிவானது பெரும்பாலும் பத்திரமாக இருக்கும். பேட்டரியைப் பிடுங்கினால்தான் கோப்பு மூடப்படாமல் பழுதாகும். ஐஸ் கட்டி, ஈரத்துணி, ஃபிரிட்ஜ் எதுவும் வேண்டாம். ஈரக்காற்றில் திடீரெனக் குளிர்ந்த கண்ணாடியிலும் சர்க்யூட்டிலும் நீர் கோத்துக்கொள்ளும், அது சூட்டைவிடப் பெரிய கேடு.

இவ்வளவும் செய்த பிறகும் ஒலியைக் கேமராவை மட்டும் நம்பி விடாதீர்கள். மைக் நேராகக் கேமராவில் செருகியிருந்தால், படம் நிற்கும் நொடியில் குரலும் நிற்கும். தனி ரெக்கார்டரோ, தன்னுள்ளேயே பதிவு செய்துகொள்ளும் வயர்லெஸ் மைக்கோ இருந்தால், படம் ஐந்து நிமிடம் போனாலும் பேச்சு முழுதாக இருக்கும். விட்ட இடத்தைப் பழைய புகைப்படங்களால் நிரப்பிவிடலாம். தொடக்கத்தில் ஒரு கைத்தட்டல், கேமராவை மறுபடி போட்டதும் இன்னொரு கைத்தட்டல், இரண்டையும் பொருத்த அது போதும்.

வாராவாரம் இரண்டு மணி நேரப் பேட்டி எடுப்பதே தொழில் என்றால், இத்தனை உபாயங்களோடு போராடுவதைவிட உடலிலேயே மின்விசிறி உள்ள கேமராவுக்கு மாறுவது நல்லது. சோனி எஃப்எக்ஸ்30, பானசோனிக் எஸ்5 II இரண்டிலும் அது உண்டு. ஃபியூஜிஃபிலிம் எக்ஸ்-எச்2எஸ், எக்ஸ்-எஸ்20 கேமராக்களின் முதுகில் தனி மின்விசிறியைப் பூட்டிக்கொள்ளலாம். எப்போதாவது ஒருமுறை தாத்தாவையோ பழைய ஆசிரியரையோ பதிவு செய்கிறவருக்குக் கையில் இருக்கும் கேமராவே போதும். வெப்ப எல்லையை High ஆக்கி, எச்டியிலோ சாதாரண 4கேயிலோ வைத்து, பேட்டி நடக்கும் அதே அறையில் முந்தின நாள் ஒருமுறை காலி நாற்காலியை எடுத்துப் பாருங்கள். தெர்மாமீட்டர் படம் எத்தனையாவது நிமிடத்தில் வருகிறது என்று ஒரு தாளில் குறித்து டிரைபாடில் ஒட்டிவிடுங்கள்.